நிலுவைப் பட்டியல் என்னும் தேர்வு: இணையவழிச் சான்றிதழ்களும் கற்றதைச் செய்து பார்ப்பதும்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வணிகவியல், கணினிப் பயன்பாட்டியல், கணிதம் ஆகியவற்றில் பட்டம் பெற்று வேலை தேடுகிறவர்களின் பயோடேட்டாவில் கடந்த சில ஆண்டுகளாக ஒரு பகுதி நீண்டுகொண்டே வருகிறது. எக்செல், எஸ்.கியூ.எல்., பைதான், பவர் பிஐ என்று இணையவழியில் முடித்த படிப்புகளின் பட்டியல் அது. அதற்கான வழிகளும் பெருகியிருக்கின்றன. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல்., 2012இல் வந்த கோர்ஸெரா, மத்திய அரசு 2017இல் தொடங்கிய ஸ்வயம், தமிழக அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் ஆகியவற்றின் வழியாக, உசிலம்பட்டியில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரும் நல்ல ஆசிரியர்களின் பாடத்தைக் கேட்க முடிகிறது. இது பெரிய வாய்ப்பு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஐந்தாறு சான்றிதழ்கள் வைத்திருப்பவரிடம் ஒரு கடையின் விற்பனைப் பதிவேட்டைக் கொடுத்து, யார் யார் எவ்வளவு பாக்கி என்று எடுத்துத் தரச் சொன்னால், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அவர் திகைத்து நிற்பதும், திகைப்பைப் போக்கிக்கொள்ள இன்னொரு படிப்பில் சேர்வதும் அடிக்கடி நடக்கின்றன. இது ஏன் நடக்கிறது என்பதையும், அந்தச் சுழலிலிருந்து வெளியே வருவதற்கான வேலை எப்படி இருக்கும் என்பதையும், தரவுப் பகுப்பாய்வு என்ற ஒரே துறையை எடுத்துக்கொண்டு இங்கே விளக்க முயல்கிறேன்.

சான்றிதழ் எதை அளக்கிறது

ஓர் இணையவழிப் படிப்பின் பயிற்சியைத் திறந்து பார்த்தால், அதில் மூன்று முடிவுகள் நமக்காக முன்பே எடுக்கப்பட்டிருப்பது தெரியும். கேட்க வேண்டிய கேள்வி என்ன என்பது முதலாவது. அதற்கு எந்த அட்டவணைகள் தேவை, அவை எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. வந்த விடை சரியா என்று எப்படிச் சோதிப்பது என்பது மூன்றாவது. கேள்வி திரையில் எழுதப்பட்டிருக்கிறது, அட்டவணைகள் சுத்தம் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன, விடையைத் தானியங்கி நிரல் ஒன்று திருத்திப் பச்சை நிறக் குறியோ சிவப்பு நிறக் குறியோ காட்டிவிடுகிறது. நிரல் எழுதும் பயிற்சிகள் பலவற்றில் முழு நிரலும் ஆசிரியரால் எழுதப்பட்டு, நடுவில் START CODE HERE என்ற குறிப்புடன் இரண்டு மூன்று வரிகள் மட்டுமே காலியாக விடப்பட்டிருக்கும். மாணவர் அந்த வரிகளை நிரப்புகிறார். வினாடி வினாவில் தவறினால் பெரும்பாலான தளங்களில் மறுபடியும் எழுதிக்கொள்ளலாம்.

பாடம் நடத்துவதற்கு இப்படி எளிமைப்படுத்துவது தேவைதான், இதில் யார் மீதும் குறை இல்லை. ஆனால் வேலையில் சம்பளம் கொடுப்பது பெரும்பாலும் அந்த மூன்று முடிவுகளுக்காகத்தான். கட்டளையின் இலக்கணம் மறந்துபோனால் நிமிடத்தில் தேடி எடுத்துவிடலாம். எதைக் கேட்பது, எந்தத் தரவை நம்புவது, விடை தப்பென்று எப்படிக் கண்டுகொள்வது என்பவற்றைத் தேடி எடுக்க முடியாது. ஆகவே பத்துச் சான்றிதழ்கள் வாங்கியவரும் இந்த மூன்றில் ஒன்றைக்கூட ஒருமுறையும் பழகாமலே இருந்திருக்க வாய்ப்புண்டு. அடுத்த படிப்பில் சேர்வது இந்தக் குறையைத் தீர்ப்பதில்லை, ஏனென்றால் அதிலும் இதே மூன்று முடிவுகளும் முன்பே எடுக்கப்பட்டிருக்கும்.

படித்துக்கொண்டிருக்கும்போது இது நமக்கே தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் ஒரு பாடத்தை இரண்டு முறை படித்தார்கள், மற்றொரு பாடத்தை ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்த பாடமே கூடுதலாக நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை மாறியது: எழுதிப் பார்த்த பாடத்தில் சுமார் 56 விழுக்காடு நினைவில் இருந்தது, திரும்பப் படித்த பாடத்தில் 42 விழுக்காடுதான். அதே ஆய்வின் இரண்டாம் பகுதியில், திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கை அதிகமாக இருந்தது. காணொளியைப் பார்த்து, ஆசிரியர் தட்டச்சு செய்ததைக் கூடவே தட்டச்சு செய்து, உடனே வினாடி வினாவை எழுதி முடிப்பது அந்த ஐந்து நிமிடச் சோதனையைப் போன்றதுதான். அப்போது வரும் தெளிவு உண்மையானதே. அது எத்தனை நாள் தங்கும் என்பதைப் பற்றி மட்டும் அது எதுவும் சொல்வதில்லை.

என்.பி.டி.இ.எல். சான்றிதழை இந்த இடத்தில் தனியாகச் சொல்வது நியாயம். அதன் பன்னிரண்டு வாரப் படிப்பில் வாராந்திர ஒப்படைப்புகளில் சிறந்த எட்டுக்கு 25 மதிப்பெண், தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். ஒப்படைப்பில் 25க்குக் குறைந்தது 10ம் தேர்வில் 75க்குக் குறைந்தது 30ம் எடுத்தால்தான் சான்றிதழ் கிடைக்கும். யார் எழுதினார்கள் என்பதில் ஐயம் இல்லாததால், வீட்டிலிருந்தபடி எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளும் வினாடி வினாவைவிட இது வலுவான சான்று. ஆனாலும் கேள்வியும் தரவும் விடைக்குறிப்பும் இங்கும் தேர்வு நடத்துகிறவர் தருபவைதான்.

ஒரு ஜவுளிக் கடையின் பாக்கி

இனி ஒரு வேலையை முழுமையாகப் பார்ப்போம். திருமங்கலத்தைச் சேர்ந்த பி.காம். பட்டதாரிப் பெண் ஒருவர், தரவு அட்டவணைகளிலிருந்து விடை எடுக்கும் மொழியான எஸ்.கியூ.எல்.லில் படிப்பு இரண்டை முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விளக்குத்தூண் பக்கம் ஜவுளி மொத்தக் கடை வைத்திருக்கும் குடும்ப நண்பர் ஒருவரிடம் அவர் போய், ஏதாவது ஒரு கணக்கைக் கணினியில் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். கடைக்காரர் வெளியூர்ச் சில்லறைக் கடைகளுக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்புகிறவர். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எந்தப் பார்ட்டி எவ்வளவு பாக்கி, அதில் எது பழைய பாக்கி. வசூலுக்கு ஆள் அனுப்பும் முன் அந்தப் பட்டியல் கையில் இருக்க வேண்டும்.

டேலியிலிருந்து இரண்டு பட்டியல்கள் வருகின்றன. ஒன்று பில்களின் பட்டியல், மற்றொன்று வந்த பணத்துக்கான ரசீதுகளின் பட்டியல். விளக்கத்துக்காக மூன்று பார்ட்டிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். மேலூர்க் கடைக்கு ₹12,000க்கு ஒரு பில் போட்டிருக்கிறது, அதற்கு ₹5,000, ₹4,000 என்று இரண்டு தவணையாகப் பணம் வந்திருக்கிறது. திருமங்கலம் கடைக்கு ₹6,000க்கு ஒரு பில், முழுத் தொகையும் ஒரே ரசீதில் வந்துவிட்டது. உசிலம்பட்டிக் கடைக்கு ₹8,000க்கு ஒரு பில், இதுவரை ஒரு ரூபாயும் வரவில்லை. மனக்கணக்கிலேயே மொத்தப் பாக்கி ₹11,000 என்று தெரிகிறது: மேலூர் ₹3,000, உசிலம்பட்டி ₹8,000.

இரண்டு அட்டவணைகளை இணைக்கும் JOIN என்ற கட்டளையைப் படிப்பில் கற்றவர் இயல்பாக எழுதுவது இது:

```sql
SELECT b.party, SUM(b.amount) - SUM(r.amount) AS due
FROM bills b
JOIN receipts r ON r.bill_no = b.bill_no
GROUP BY b.party;
```

கட்டளையின் இலக்கணத்தில் பிழை இல்லை. கணினியும் முணுமுணுக்காமல் விடை தருகிறது. மேலூர் ₹15,000, திருமங்கலம் பூஜ்யம். உசிலம்பட்டி பட்டியலிலேயே இல்லை.

பட்டியலைக் கையில் வாங்கியதும் கடைக்காரர் கேட்பார்: "இது என்னம்மா, மேலூர்க்காரர் பன்னிரண்டாயிரத்துக்குத்தான் சரக்கே எடுத்தார், பதினைந்தாயிரம் பாக்கி எப்படி வரும்? பணமே தராத உசிலம்பட்டிக்காரர் பேரைக் காணோமே?" எந்தப் படிப்பின் பச்சைக் குறியும் தராத திருத்தம் இது. இதற்குப் பிறகு அந்தப் பெண் உட்கார்ந்து யோசிக்கும் ஒரு மணி நேரத்தில், JOIN என்பது உண்மையில் என்ன செய்கிறது என்பது அவருக்கு முதல் முறையாகப் புரியும்.

நடந்தது இரண்டு வேறு தவறுகள். மேலூர் பில்லுக்கு இரண்டு ரசீதுகள் இருப்பதால், இணைத்த அட்டவணையில் அந்த ஒரே பில் இரண்டு வரிகளாக வருகிறது. ₹12,000 இரண்டு முறை கூட்டப்பட்டு ₹24,000 ஆகி, அதிலிருந்து ₹9,000 கழிந்து ₹15,000 நிற்கிறது. உசிலம்பட்டிக்கு ரசீதே இல்லாததால், வெறும் JOIN அந்தப் பில்லைத் தூக்கி வெளியே போட்டுவிடுகிறது. வசூலுக்கு முதலில் ஆள் அனுப்ப வேண்டிய பார்ட்டி எதுவோ, அதுவே பட்டியலிலிருந்து மறைகிறது என்பதுதான் இதில் ஆபத்தான பகுதி.

இந்தத் தவறைக் கடைக்காரர் கண்ணில் படும் முன்பே கண்டுபிடிக்க வழி உண்டா? இணைக்கும் முன்னும் பின்னும் வரிகளை எண்ணிப் பார் என்று சிலர் சொல்லித் தருவார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் இங்கே அது ஏமாற்றிவிடும். இணைக்கும் முன் பில்கள் மூன்று. இணைத்த பின்னும் மேலூருக்கு இரண்டு, திருமங்கலத்துக்கு ஒன்று என்று மூன்று வரிகளே வருகின்றன. ஒன்று இரட்டித்தது, ஒன்று தொலைந்தது, எண்ணிக்கை ஒத்துப்போய்விட்டது. தொகையைக் கூட்டிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். பில் பட்டியலில் மொத்தம் ₹26,000, இணைத்த அட்டவணையில் அதே பில் தொகைகளின் கூட்டல் ₹30,000. கைக்கணக்குப் போட்ட பழைய கணக்குப்பிள்ளைகள் பேரேட்டையும் சிட்டையையும் இரண்டு பக்கமும் கூட்டி ஒத்துப் பார்த்ததும் இதே வேலைதான்.

அடுத்து பலர் JOIN இருக்கும் இடத்தில், ரசீது இல்லாத பில்லையும் விடாமல் வைத்துக்கொள்ளும் LEFT JOIN என்று மாற்றிவிட்டு, சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். உசிலம்பட்டியின் பெயர் திரும்ப வருகிறது, ஆனால் அதன் எதிரே தொகை இருக்க வேண்டிய இடத்தில் NULL நிற்கிறது. ரசீது இல்லாத இடத்தில் கழிக்க வேண்டிய தொகை பூஜ்யம் அன்று, அங்கே தொகையே இல்லை. எட்டாயிரத்திலிருந்து இல்லாத ஒன்றைக் கழித்தால் விடையும் இல்லை என்பதே எஸ்.கியூ.எல்.லின் விதி. மேலூரின் ₹15,000 அப்படியேதான் இருக்கிறது. சரியான வழி, ரசீதுகளை முதலில் பில் வாரியாகக் கூட்டி, ஒரு பில்லுக்கு ஒரு வரி என்று ஆக்கிக்கொண்டு, அதன் பிறகே இணைப்பது:

```sql
SELECT b.party,
       SUM(b.amount - COALESCE(r.paid, 0)) AS due
FROM bills b
LEFT JOIN (
  SELECT bill_no, SUM(amount) AS paid
  FROM receipts GROUP BY bill_no
) r ON r.bill_no = b.bill_no
GROUP BY b.party;
```

இப்போது மேலூர் ₹3,000, உசிலம்பட்டி ₹8,000, திருமங்கலம் பூஜ்யம், மொத்தம் ₹11,000. COALESCE என்பது இல்லாத தொகையைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. இந்த மூன்று கருத்துகளும், அதாவது இணைப்பில் வரிகள் பெருகுவதும், வரிகள் தொலைவதும், NULL கணக்கை விழுங்குவதும், நல்ல படிப்புகளில் எங்காவது ஒரு காணொளியில் சொல்லப்பட்டிருக்கும். ஆனால் பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் நார்த்விண்ட், சினூக் ஆகிய மாதிரித் தரவுத்தளங்களை எடுத்துப் பாருங்கள். ஆர்டர்களும் பில்களும் அவற்றில் இருக்கின்றன, ஒரு பில்லுக்குத் தவணை தவணையாக வந்த பணத்தின் பதிவேடு இல்லை. தெற்கு மாசி வீதியில் எந்த மொத்தக் கடையிலும் தினம் நடக்கும் ஒரு காரியம் அந்தப் பயிற்சிகளுக்குள் வருவதே இல்லை.

நிரலுக்கு வெளியே இருக்கும் முடிவு

உண்மையான ரசீதுப் பட்டியலைப் பார்த்ததும் இன்னொரு சிக்கல் எழும். டேலியில் பணம் வரவு வைக்கும்போது, அது எந்தப் பில்லுக்கான பணம் என்று குறிப்பிட Agst Ref என்று தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தப் பில் என்று சொல்லாமல் பொதுவாக வரவு வைப்பதற்கு On Account என்ற மற்றொரு வகை இருக்கிறது. கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில் பார்ட்டி நேரில் வந்து பத்தாயிரத்தைக் கொடுத்துவிட்டு, கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள் என்று போய்விடுவார். கணக்காளரும் அதை On Account என்றே பதிவார். அப்படிப்பட்ட ரசீதில் பில் எண் இருக்காது. பில் எண்ணை வைத்து இணைக்கும் மேற்கண்ட கட்டளை அந்தப் பணத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், பணம் கட்டிய பார்ட்டி பாக்கிக்காரராகக் காட்டப்படுவார்.

பார்ட்டி வாரியாக மொத்தப் பாக்கி மட்டும் போதும் என்றால் இதைத் தீர்ப்பது எளிது, பார்ட்டி வாரியாக இரண்டு பக்கத்தையும் கூட்டிக் கழித்துவிடலாம். ஆனால் கடைக்காரர் கேட்டது எது பழைய பாக்கி என்று. அதற்கு, பொதுவாக வந்த பணத்தை எந்தப் பில்லில் கழிப்பது என்று யாராவது முடிவு செய்ய வேண்டும். இது நிரலாளர் எடுக்கும் முடிவு அன்று. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59 முதல் 61 வரையுள்ள பிரிவுகள் இதற்கென்றே இருக்கின்றன: எந்தக் கடனுக்கு என்று கடனாளி சொல்லிக் கொடுத்தால் பணத்தை வாங்கிக்கொள்பவர் அதற்கே வைக்க வேண்டும், அவர் சொல்லாவிட்டால் கடன் கொடுத்தவர் தம் விருப்பப்படி வைக்கலாம், இருவரும் எதுவும் செய்யாவிட்டால் காலவரிசைப்படி பழைய கடனிலிருந்து கழிய வேண்டும். ஆகவே அந்தப் பெண் இந்த இடத்தில் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டுக் கடைக்குப் போய், "அண்ணாச்சி, பில் சொல்லாமல் வரும் பணத்தை எந்தப் பில்லில் கழிக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்ததை எந்தச் சான்றிதழாலும் காட்ட முடியாது. பழைய பில்லிலிருந்துதான் கழிப்போம் என்பது பெரும்பாலும் பதிலாக இருக்கும்.

அந்தப் பதில் கிடைத்ததும் வேலை மறுபடியும் கணினிக்குத் திரும்புகிறது. மேலூர்க் கடை மூன்று பில்கள் எடுத்திருக்கிறது என்று கொள்வோம்: பழையதிலிருந்து வரிசையாக ₹12,000, ₹7,000, ₹5,000. எந்தப் பில் என்று சொல்லாமல் மொத்தம் ₹15,000 கொடுத்திருக்கிறார்கள். பில் தொகைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தால் ₹12,000, ₹19,000, ₹24,000 என்று ஏறுகிறது. வந்த ₹15,000 முதல் பில்லை முழுவதும் மூடி, மீதி ₹3,000 இரண்டாவது பில்லுக்குப் போகிறது. ஆகவே பாக்கி இரண்டாவது பில்லில் ₹4,000, மூன்றாவதில் ₹5,000, மொத்தம் ₹9,000. இப்படிச் சேர்த்துக்கொண்டே போகும் கூட்டலை எஸ்.கியூ.எல்.லில் எழுதுவதற்குச் சாளரச் சார்பு என்ற வசதி இருக்கிறது:

```sql
SUM(amount) OVER (PARTITION BY party
                  ORDER BY bill_date, bill_no)
```

இது இரண்டாம் நிலைப் படிப்புகளில் எட்டாவது ஒன்பதாவது பாடமாக வருவது. முதல் முறை கேட்கும்போது பலருக்கு இது எதற்கு என்றே புரிவதில்லை. மேலூர்ப் பாக்கியைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு அதே பாடத்தைத் திரும்பப் பார்க்கிறவருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும். PARTITION BY என்றால் பார்ட்டிக்குப் பார்ட்டி கூட்டல் புதிதாகத் தொடங்குகிறது, ORDER BY என்றால் பழைய பில் முதலில் வருகிறது. தேவைப்பட்ட அந்தப் பாடத்தை மட்டும் எடுத்துப் படிக்கும் இந்த வகையில்தான் இணையவழிப் படிப்பின் முழுப் பயனும் கிடைக்கிறது என்பது என் கருத்து. அந்தப் படிப்பை இறுதிவரை முடித்துச் சான்றிதழ் வாங்குவது இதில் இரண்டாம் பட்சம்.

தேதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டியலை எக்செலில் திறக்கும்போது கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், ஏப்ரல் 3 என்ற பொருளில் 03/04 என்று எழுதியது மார்ச் 4 ஆக மாறிவிடும். ஏப்ரல் 13 என்பதைக் குறிக்கும் 13/04 மட்டும் பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் எழுத்தாகவே நின்றுவிடும். ஒரே பத்தியில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால் இது நடந்திருக்கிறது என்று அறியலாம். பாக்கியின் வயதைக் கணக்கிடும் வேலையில் இதைக் கவனிக்காமல் விட்டால், மேலே செய்த அத்தனையும் வீணாகும்.

படிப்பையும் வேலையையும் எந்த வரிசையில் வைப்பது

மேற்கண்ட வேலையிலிருந்து ஒரு வரிசை தானாகத் தெரிகிறது. முதலில் ஒருவர் உண்மையிலேயே விடை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு கேள்வி வேண்டும். அது கடை பாக்கியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சுய உதவிக் குழுவின் கடன் தவணைக் கணக்காக இருக்கலாம், ஊர்ப் பால் சங்கத்தின் பத்து நாள் பட்டுவாடாவாக இருக்கலாம், மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் தினம் மாறும் மல்லிகை விலையைத் தோட்டக்காரர் ஒருவருக்காகக் குறித்து வைப்பதாகவும் இருக்கலாம். விடை தப்பாக இருந்தால் தப்பு என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவர் மறுபக்கம் இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் டைட்டானிக் பயணிகள் பட்டியலை வைத்துச் செய்யும் திட்டப்பணிகள் இந்த இடத்தில்தான் பயன்படாமல் போகின்றன, ஏனென்றால் அந்த விடைக்காகக் காத்திருப்பவர் யாரும் இல்லை.

கேள்வி கையில் இருந்தால், படிப்பை எங்கே நிறுத்துவது என்பதும் தெரிந்துவிடும். எஸ்.கியூ.எல். படிப்பில் SELECT, GROUP BY, JOIN வரை வந்ததுமே பாக்கிப் பட்டியலை முயன்று பார்க்கலாம். அதற்கு மேல் ஒரு காணொளியையும் பார்க்காமல், முட்டி நிற்கும் இடம் வரை போக வேண்டும். எஸ்.கியூ.எல். கட்டளைகளை ஓட்டிப் பார்க்கும் சிறு தரவுத்தளமான எஸ்.கியூ.லைட்டும் அதைத் திறந்து பார்க்க உதவும் DB Browser for SQLite என்ற செயலியும் இலவசம், சாதாரண மடிக்கணினியில் ஓடும். முட்டி நிற்கும்போது மனம் இயல்பாக அடுத்த படிப்பைத் தேடும். பைதான் தெரிந்திருந்தால் இது எளிதாக இருந்திருக்குமோ என்று தோன்றும். அந்த எண்ணத்தைச் சோதிக்க ஒரு வழி, இதே கணக்கை மூன்று பில்லுக்குக் காகிதத்தில் போட முடிகிறதா என்று பார்ப்பது. காகிதத்தில் போட முடியவில்லை என்றால் குறை கருவியில் இல்லை. கணக்கே இன்னும் பிடிபடவில்லை, பைதான் வந்தாலும் அது பிடிபடாது. காகிதத்தில் போட முடிந்து, கட்டளையாக எழுத மட்டும் தெரியவில்லை என்றால் எந்தப் பாடத்தைத் தேடுவது என்பது தெளிவாக இருக்கும்.

சுழலில் சிக்கியிருக்கிறோமா என்று அறிவதற்கும் இதே போன்ற சோதனை உண்டு. முடித்து இரண்டு மூன்று வாரம் ஆன படிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, குறிப்புகளை மூடிவிட்டு, வெற்றுத் திரையில் அதன் மையமான வேலையை வேறொரு தரவில் செய்து பார்ப்பது. கட்டளையின் இலக்கணம் மறந்திருந்தால் கவலை இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பதே தெரியாமல் நின்றால், அந்தப் படிப்பு இன்னும் முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம், சான்றிதழில் என்ன தேதி இருந்தாலும்.

பிறருடைய தரவைக் கையாளும்போது ஒன்றைக் கண்டிப்பாக நினைவில் வைக்க வேண்டும். ஒரு கடையின் பாக்கிப் பட்டியல் அதன் வியாபார ரகசியம், பல குடும்பங்களின் மானமும் அதில் இருக்கிறது. கடைக்காரரின் சம்மதத்துடன், பார்ட்டிப் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் ஜி.எஸ்.டி. எண்களையும் நீக்கி, பா-1, பா-2 என்று குறியிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். வேலை தேடும்போது காட்டுவதற்காக அந்தத் தரவை, நிரல்களைப் பலரும் பார்க்க வைக்கும் தளமான கிட்ஹப்பில் ஏற்றிவிடக் கூடாது. கட்டளைகளையும், இந்தக் கட்டுரையில் உள்ளது போல் கற்பனைத் தொகைகளில் அமைத்த சிறு எடுத்துக்காட்டையும் ஏற்றினால் போதும்.

சான்றிதழே வேண்டாம் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லூரியில் படிக்கும்போது ஸ்வயம் படிப்புகளின் மதிப்பெண்ணைப் பட்டப்படிப்பின் கிரெடிட்டாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அங்கே சான்றிதழ்தான் செல்லும், செய்த வேலை செல்லாது. விண்ணப்பங்களை இயந்திரம் வடிகட்டும் பெரிய நிறுவனங்களில் முதல் கதவைத் திறக்கவும் அது உதவலாம். பள்ளிப் படிப்போடு நின்று, பிறகு தனியாகக் கற்று வருபவர்களுக்கு அது தரும் தன்னம்பிக்கையையும் நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் கதவைத் தாண்டி உள்ளே உட்கார்ந்த பிறகு நேர்காணல் எடுப்பவர் கேட்பது வேறு. எஸ்.கியூ.எல். தெரியுமா என்று தொடங்குபவர், தெரியும் என்றதும், கடைசியாக எதற்குப் பயன்படுத்தினீர்கள், அதில் என்ன தப்பு வந்தது, அது தப்பு என்று எப்படித் தெரிந்தது என்று போவார். படிப்பை மட்டும் முடித்தவரிடம் இரண்டாவது கேள்விக்கே பதில் இருக்காது, ஏனென்றால் அவர் செய்த பயிற்சியில் தப்பைக் கண்டுபிடிக்கும் வேலையை நிரல் பார்த்துக்கொண்டது. திருமங்கலத்துப் பெண் பயோடேட்டாவில் எழுத வேண்டியது இரண்டே வரிகள்தான்: மொத்த ஜவுளிக் கடை ஒன்றின் பில், ரசீதுப் பட்டியல்களிலிருந்து பார்ட்டி வாரியாகவும் பில்லின் வயது வாரியாகவும் நிலுவைப் பட்டியல் தயாரித்தேன், பில் எண் இல்லாமல் வந்த பணத்தைக் கடையின் வழக்கப்படி பழைய பில்லில் கழித்து, மொத்தத்தைப் பேரேட்டோடு ஒத்துப் பார்த்தேன். இதைப் படிக்கும் கணக்குத் தெரிந்த எவரும், பில் எண் இல்லாத பணத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.